20-ஆ, 12-ஆ, 2012-ஆ? சப்ளையர் மெயிலிலிருந்து ரிசீவிங் ஷீட்டுக்கு

ஸ்டோரில் சரக்கு இறங்கும்போது எண்ணுகிறவர் கையில் ஒரு தாள் இருக்கும். என்ன வர வேண்டும், எவ்வளவு வர வேண்டும், வந்தது எவ்வளவு என்று எழுத மூன்று இடம். அதைத்தான் ரிசீவிங் ஷீட் என்கிறோம். பல இடங்களில் அந்தத் தாளை நாம் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலிருந்தே தயார் செய்துவிடுகிறார்கள். ஆர்டர் நம்மிடமே இருக்கிறது, ஒரு கிளிக்கில் வந்துவிடும், அதனால் அது சுலபம். ஆனால் ஆர்டர் என்பது நாம் கேட்டது. சப்ளையர் ஒப்புக்கொண்டது வேறாக இருக்கலாம். அது அவர் அனுப்பும் ஆர்டர் கன்ஃபர்மேஷன் மெயிலில்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் எங்கே கடிக்கும் என்றால், 20 பாக்கெட் கேட்டிருப்போம், சப்ளையர் "12 இப்போது, 8 பிறகு" என்று மெயிலில் சொல்லியிருப்பார். தாளில் 20 என்றே இருக்கும். எண்ணுகிற தம்பி வந்து, "அண்ணே, எட்டு பாக்கெட் குறையுது, சப்ளையருக்கு எழுதிடலாமா?" என்று கேட்பான். அவன் மேல் தப்பில்லை, சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். ஆனால் அங்கிருந்து ஒரு குறைவுப் புகார் கிளம்பும், கணக்குப் பிரிவு இன்வாய்ஸை நிறுத்தி வைக்கும், சப்ளையர் அதே கன்ஃபர்மேஷன் மெயிலைத் திருப்பி அனுப்பி "நாங்கள் முன்பே சொன்னோமே" என்பார். எல்லாம் முடிய ஒரு வாரம் ஆகும்.

அதனால் நான் வேலை பார்க்கும் இடத்தில் கன்ஃபர்மேஷன் மெயிலிலிருந்துதான் ஷீட் தயாராகிறது. அந்த வேலையைச் செய்து செய்து ஒரு விஷயம் பிடிபட்டது. மெயிலிலிருந்து நகல் எடுப்பது சின்ன வேலை. எடுத்தது சரியா என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய வேலை. கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் அதிகம் நம்புவதில்லை. ஏழு வரி இருந்தால் கண் போதும், எழுபது வரி இருந்தால் பாதியிலேயே கண் பார்ப்பதை நிறுத்திவிடும், தலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் மூன்று சோதனைகள் வைத்திருக்கிறேன். அவை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதை ஒரு மெயிலை வைத்தே சொல்கிறேன். விளக்குவதற்காகச் சுருக்கிய மெயில் இது. தேதிப் பத்தியை எடுத்துவிட்டேன். சாதாரண எழுத்தாக ஒட்டினால் இப்படி வந்து நிற்கும்:

```
10    004127  Nitrile glove M, 100/BX     30    BX   8.50  255.00
20    10-12   Cable tie 200mm, 100/PK     2012  PK   2.25   27.00
30    3308E2  Label roll, 24/CT            2    CT  38.40   76.80
40/1  7715    Packing tape 48mm, 36/CT     2    CT  45.00   90.00
40/2  7715    Packing tape 48mm, 36/CT     2    CT  45.00   90.00
50    FRT     Freight                      1    EA  18.00   18.00
60    5520    Hex bolt M8x40              10    C   12.00  120.00
                                              Total      676.80
```

இடமிருந்து வலம்: வரி எண், சப்ளையரின் ஐட்டம் கோடு, விவரம், அளவு, அலகு, ஒரு அலகின் விலை, வரித் தொகை.

இரண்டாவது வரியைப் பாருங்கள். 2012 பாக்கெட் கேபிள் டை. யாரும் அவ்வளவு கேட்கவில்லை. மெயிலைத் திறந்து பார்த்தால் அங்கே 20 என்ற எண்ணின் மேல் ஒரு கோடு அடித்து, பக்கத்திலேயே 12 என்று போட்டிருக்கும். மெயிலில் அது அழகாகத் தெரியும். நகல் எடுத்துச் சாதாரண எழுத்தாக ஒட்டும்போது அடித்த கோடு போய்விடும், எண்கள் மட்டும் தங்கும். நடுவில் இடைவெளி இருந்தால் "20 12" என்று வரும், அதைப் பார்த்தாலே ஏதோ கோளாறு என்று புரியும். இடைவெளி இல்லாவிட்டால் 2012. அது ஒரு முழுமையான, நியாயமான எண் போலவே உட்கார்ந்திருக்கும். எக்செல் அதைக் கேள்வி கேட்காது.

சரி, அப்படியானால் வடிவமைப்போடு சேர்த்தே ஒட்டலாமே, அடித்த கோடும் வந்துவிடுமே என்று தோன்றும். அங்கே வேறு தொல்லை. அப்படி ஒட்டினால் எக்செல் ஒவ்வொரு கட்டத்தையும் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொள்ளும். 004127 என்ற ஐட்டம் கோடு முன்னால் இருக்கும் பூஜ்யங்களை இழந்து 4127 ஆகும். 10-12 என்ற கோடு தேதியாகிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து அது டிசம்பர் 10 ஆகவும் இருக்கலாம், அக்டோபர் 12 ஆகவும் இருக்கலாம். 3308E2 என்பதை "3308 பெருக்கல் 10-இன் வர்க்கம்" என்று எடுத்துக்கொண்டு 3.31E+05 என்று காட்டும். உள்ளே 330800 இருக்கும். இப்படி மாறிய பிறகு கட்டத்தின் வடிவத்தை Text என்று மாற்றினாலும் பழைய ஐட்டம் கோடு திரும்பாது. தேதியான கட்டம் ஐந்து இலக்க எண்ணாகத் தெரியும், அவ்வளவுதான். திரும்ப மெயிலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆக, ஐட்டம் கோடு பிழைக்க வேண்டுமானால் வடிவமைப்பை விட வேண்டும், அடித்த எண் தெரிய வேண்டுமானால் வடிவமைப்பு வேண்டும். இரண்டும் ஒரே ஒட்டலில் கிடைக்காது. நான் ஐட்டம் கோடு பக்கம் நிற்கிறேன். முதலில் காலியான ஷீட்டில் ஒட்டப்போகும் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து Text வடிவத்துக்கு மாற்றிவிடுவேன். அப்புறம் ஒட்டும்போது Match Destination Formatting என்ற தேர்வு. இதில் எதுவுமே எண்ணாக மாறாது, எல்லாம் எழுத்தாகவே வந்து உட்காரும். அளவு, விலை, தொகை ஆகிய மூன்றை மட்டும் பிறகு நானாக எண்ணாக மாற்றிக்கொள்வேன். அடித்த எண்ணைப் பிடிக்கும் வேலை சோதனைகளுடையது. அதோடு, ஒட்டுவதற்கு முன்பு மெயிலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுவேன். அட்டவணையை மட்டும் அல்ல, அதற்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களையும். "வரி 20-இன் மீதி பின்னர் வரும்", "இந்த ஐட்டத்துக்குப் பதில் வேறு கோடு அனுப்புகிறோம்" போன்றவை எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அட்டவணையை மட்டும் நகல் எடுப்பவருக்கு அவை தெரியவே தெரியாது.

எண்ணாக மாற்றும்போது ஒரு சின்னத் தடை வரும். பார்வைக்கு 30 என்று இருக்கும், ஆனால் கூட்டினால் கூடாது, VALUE போட்டாலும் பிழை காட்டும். மெயிலில் உள்ள அட்டவணைகளில் சாதாரண இடைவெளிக்குப் பதிலாக, வரி உடையாத இடைவெளி என்று ஒன்றைப் போட்டிருப்பார்கள். TRIM அதை நீக்காது. அதைத் தனியாக மாற்ற வேண்டும்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(K2,CHAR(160)," ")))
```

K பத்தியில் ஒட்டிய எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வேறு பத்தியில் வைப்பேன், மூலத்தை அழிக்க மாட்டேன். ஐட்டம் கோடுகளுக்கும் இதே சுத்தம் வேண்டும், ஆனால் VALUE இல்லாமல். சில சப்ளையர்கள் ஆயிரத்தை 1.000 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். அவர்களிடமிருந்து வரும் எண்களுக்கு VALUE கூடாது, NUMBERVALUE வேண்டும். அது எது தசமக் குறி, எது ஆயிரத்துக்கான குறி என்று நம்மிடமே கேட்டுக்கொள்ளும்.

இப்போது முதல் சோதனை. அளவையும் அலகு விலையையும் பெருக்கி, மெயிலில் போட்டிருக்கும் வரித் தொகையைக் கழிப்பது. E-யில் அளவு, G-யில் விலை, H-இல் தொகை:

```
=ROUND(E2*G2-H2,2)
```

பூஜ்யம் வந்தால் சரி. நம் உதாரணத்தில் வரி 10-க்கு 30 × 8.50 = 255.00, பூஜ்யம். வரி 20-க்கு 2012 × 2.25 = 4527.00. மெயிலில் தொகை 27.00. வித்தியாசம் 4500. உடனே கத்திவிடும். அதோடு, 27.00-ஐ 2.25-ஆல் வகுத்தால் 12 வருகிறது. உண்மையான எண் எது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. 1.000 என்பதை எக்செல் ஒன்று என்று எடுத்துக்கொண்டாலும் இதே சோதனையில் சிக்கும், ஏனென்றால் தொகை ஆயிரம் மடங்கு ஒத்துப்போகாது.

ரிசீவிங் ஷீட்டில் விலை எதற்கு, எண்ணுகிறவருக்கு அது தேவையில்லையே என்று கேட்கலாம். தேவையில்லைதான். அவரிடம் போகும் தாளில் விலை இருக்கவும் கூடாது. ஆனால் எடுக்கும்போது விலையையும் தொகையையும் விட்டுவிட்டு அளவை மட்டும் எடுத்தால், அளவு சரியா என்று சொல்ல மெயிலுக்குள்ளேயே இருக்கும் ஒரே சாட்சியை நாமே வெளியே அனுப்பிவிடுகிறோம். அதனால் வேலை செய்யும் ஷீட்டில் வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் ஷீட்டில் மட்டும் நீக்குகிறேன்.

தள்ளுபடி இருந்தால் இந்தச் சோதனை குழம்பும். எல்லா வரிகளிலும் ஒரே விகிதத்தில் வித்தியாசம் வந்தால் அது தள்ளுபடி, பயப்பட வேண்டாம், சூத்திரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வரி மட்டும் தனியாக விலகி நின்றால் அளவில்தான் ஏதோ இருக்கிறது. சில கன்ஃபர்மேஷன்களில் விலையே இருக்காது. அப்போது நம் ஆர்டரில் உள்ள அளவோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அது கொஞ்சம் பலவீனமான சோதனைதான். ஏனென்றால் அளவு மாறியிருந்தால் அது சப்ளையர் மாற்றியதா, நகலில் கெட்டதா என்று அதனால் சொல்ல முடியாது. மாறிய வரிகளை மட்டும் மெயிலில் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை மொத்தத் தொகை. ஏழு வரிகளின் தொகையைக் கூட்டினால் 676.80 வர வேண்டும், மெயிலின் அடியில் இருப்பதும் அதுவே. இது பிடிப்பது விட்டுப்போன வரியை. மெயிலுக்குள் அட்டவணை இருந்தால் வரி விடுபடுவது அபூர்வம். பிடிஎஃப் இணைப்பாக வந்தால் அடிக்கடி நடக்கும், முக்கியமாகப் பக்கம் மாறும் இடத்தில். பவர் குவெரியில் Get Data வழியாகப் பிடிஎஃப்பை எடுத்தால் ஒவ்வொரு பக்கத்தின் அட்டவணையும் தனித்தனியாக வரலாம். இரண்டாம் பக்கத்து அட்டவணையைச் சேர்க்க மறந்தால் பாதி ஆர்டர் காணாமல் போகும். இன்னொன்று, நீளமான விவரம் இரண்டு வரியாக மடங்கியிருந்தால் இரண்டாவது துண்டு தனி வரியாக வந்து நிற்கும். அதில் அளவு இருக்காது, எனவே கண்டுபிடிப்பது சுலபம். போக்குவரத்துக் கட்டண வரியை இந்தக் கூட்டல் முடியும்வரை நீக்காதீர்கள். முதலிலேயே நீக்கினால் மொத்தம் 18.00 குறைந்து, எங்கே தப்பு என்று தேட வைக்கும். கூட்டிப் பார்த்த பிறகு FRT வரியைத் தூக்கிவிடலாம். அது லாரியில் வரும் பொருள் இல்லையே.

ஸ்கேன் செய்த படமாகப் பிடிஎஃப் வந்தால் நான் மெனக்கெடுவதில்லை. பத்துப் பதினைந்து வரிதான் என்றால் கையால் தட்டச்சு செய்துவிட்டு இதே இரண்டு சோதனைகளையும் ஓட்டுவது வேகமானது. தட்டச்சில் எண் மாறினாலும் பெருக்கல் சொல்லிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது வேறு ஒரு வேலையைச் செய்யும்போதே போகிறபோக்கில் சோதிக்கிறது. சப்ளையரின் கோடு நமக்குப் புரியாது, நம் ஸ்டோர் கோடாக மாற்ற வேண்டும். அவருடைய அலகும் நமக்கு உதவாது, நாம் எண்ணும் அலகாக மாற்ற வேண்டும். இதற்கு Map என்று ஒரு தனி ஷீட் வைத்திருக்கிறேன். அதன் முதல் பத்தியில் கோடு மட்டும் இருக்காது. கோடும் அலகும் சேர்ந்து, நடுவில் ஒரு செங்குத்துக் கோட்டோடு இருக்கும்: 004127|BX, 7715|CT, 5520|C இப்படி. இரண்டாம் பத்தியில் நம் கோடு, மூன்றாவதில் நாம் எண்ணும் அலகின் பெயர், நான்காவதில் அவருடைய ஒரு அலகு என்பது நம்முடைய எத்தனை அலகு என்ற எண். தேடும் சூத்திரம்:

```
=XLOOKUP(C2&"|"&F2,Map!A:A,Map!D:D,"CHECK")
```

C-யில் சப்ளையர் கோடு, F-இல் அலகு. பொருந்தாவிட்டால் CHECK என்று வரும். முன்பூஜ்யம் போயிருந்தால் 4127|BX என்று தேடும், கிடைக்காது, CHECK. 10-12 தேதியாகியிருந்தால் ஐந்து இலக்க எண்ணைத் தேடும், CHECK. 3308E2 கெட்டிருந்தால் 330800|CT, CHECK. புதிய கோடு, மாற்றுப் பொருள், எல்லாம் இங்கே வந்து நிற்கும். ஐட்டம் கோடு ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் இதில் பாதி கிடைக்கும். அலகையும் ஒட்டித் தேடுவதால் மீதிப் பாதியும் கிடைக்கிறது. இதுவரை பாக்ஸ் கணக்கில் உறுதி செய்துவந்த சப்ளையர் திடீரென்று கார்ட்டன் கணக்கில் அனுப்பினால், 004127|CT என்பது Map-இல் இல்லை, உடனே நிற்கும். அலகு மாறுவதைப் பெருக்கல் சோதனை பிடிக்காது என்பதைக் கவனியுங்கள். 30 பாக்ஸ் 8.50 வீதம் 255 என்றால், 3 கார்ட்டன் 85.00 வீதமும் 255-தான். கணக்கு நேர்த்தியாக இருக்கும், தாளில் மட்டும் 30-க்குப் பதில் 3 என்று இருக்கும்.

கடைசி வரியில் இருக்கும் C இந்த வகையில் ரொம்பக் குறும்புக்காரன். போல்ட், நட்டு விற்பவர்கள் நூறு என்பதற்கு C, ஆயிரம் என்பதற்கு M என்று போடுவது உண்டு. 10 C என்றால் பத்து போல்ட் இல்லை, பத்து நூறு, அதாவது 1000. பெருக்கிப் பார்த்தால் 10 × 12.00 = 120.00, பழுதே இல்லை. இதை முதன்முதலில் பார்ப்பவர் Map-இல் 5520|C-க்கு நேராக 1 என்று எழுதிவிட்டால் அந்தத் தப்பு அப்படியே நிலைத்துவிடும், ஒவ்வொரு முறையும் பத்து போல்ட் எதிர்பார்க்கும் தாள் தயாராகும். அதனால் Map-இல் புது வரி சேர்க்கும்போது மட்டும் அவசரப்படுவதில்லை. சப்ளையரிடம் ஒரு வரி மெயில் அனுப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகே சேர்ப்போம். மின்னணு முறையில் ஆவணம் அனுப்பும் சிலர் C62 என்று அலகு போடுவார்கள். பார்த்தால் ஏதோ 62 சேர்ந்த கட்டு போலத் தோன்றும். ஐக்கிய நாடுகள் அவையின் அலகுக் குறியீட்டுப் பட்டியலில் C62 என்றால் வெறும் ஒன்று.

நாம் எண்ணும் அலகு எது என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் தனித்தனிப் பொருளாக மாற்றிவிட்டால் சுத்தமாக இருக்கும் என்று சிலர் நினைப்பார்கள். 30 பாக்ஸ் கையுறை, பாக்ஸுக்கு 100, ஆகவே தாளில் 3000 என்று வரும். ஆனால் இறக்கும் இடத்தில் யாரும் பாக்ஸைப் பிரித்துக் கையுறையை எண்ணப்போவதில்லை. அவர் பாக்ஸைத்தான் எண்ணுவார், பிறகு மனதுக்குள் நூறால் பெருக்கி எழுதுவார், எழுதும்போது ஒரு பூஜ்யம் கூடும் அல்லது குறையும். கை எதைத் தொட்டு எண்ணுமோ அதுவே தாளின் அலகாக இருக்க வேண்டும். கையுறைக்குப் பாக்ஸ். டேப்புக்குக் கார்ட்டன் பிரிக்காமல் வந்தால் கார்ட்டன். போல்ட் 200 அடங்கிய பையாக வருமென்றால் பை, அப்போது 10 C என்பது தாளில் 5 பை. Map-இன் நான்காம் பத்தியில் 0.5. மெயிலில் இருந்த 10 C என்பதையும் ஓரமாகச் சின்ன எழுத்தில் வைத்திருப்போம். பின்னால் சப்ளையரோடு பேச வேண்டி வந்தால் அவருடைய அலகில் பேசினால்தான் அவருக்குப் புரியும்.

இந்த மூன்று சோதனைகளையும் தாண்டிப் போகும் ஒன்று இருக்கிறது. கோடு அதே, அலகும் அதே BX, ஆனால் பாக்ஸுக்குள் 100-க்குப் பதில் 50. உற்பத்தியாளர் பேக்கிங்கை மாற்றும்போது இப்படி நடக்கும். பெருக்கல் சரியாக இருக்கும், மொத்தம் சரியாக இருக்கும், Map-உம் கிடைக்கும். எண்ணுகிறவரும் 30 பாக்ஸ் எதிர்பார்த்து 30 பாக்ஸ் எண்ணிச் சரி போடுவார். ஸ்டோர் கணக்கில் 3000, அலமாரியில் 1500. இதைப் பிடிக்க இரண்டு தடயங்கள்தான். ஒன்று விவரப் பத்தியில் இருக்கும் 100/BX என்ற எழுத்து 50/BX ஆகியிருக்கும். இன்னொன்று அலகு விலை ஏறக்குறையப் பாதியாக இறங்கியிருக்கும். அதனால் Map-இல் போன முறை வந்த விவரத்தையும் விலையையும் கூடவே வைத்திருக்கிறேன். விவரம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ, விலை கணிசமாக விலகினாலோ கட்டம் மஞ்சளாகும். விலை குறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் பேக் அளவைப் பாருங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பார்கள்.

அடுத்து தேதி. வரி 40 இரண்டாகப் பிரிந்திருக்கிறது, 40/1, 40/2. கோடு ஒன்றே, அளவு ஒன்றே, விலை ஒன்றே. தேதி மட்டும் வேறு, இரண்டு கார்ட்டன் இந்த லாரியில், இரண்டு கார்ட்டன் இரண்டு வாரம் கழித்து. பிரதிகளை நீக்கும் பொத்தானை அழுத்துகிறவர் கையில் இது மாட்டினால் ஒரு வரி போய்விடும். இரண்டையும் ஒரே வரியாகக் கூட்டி 4 என்று போடுகிறவர் கையில் மாட்டினால் முதல் லாரியிலேயே குறைவு எழுதப்படும். எனவே ஒவ்வொரு வரிக்கும் அடையாளம் என்பது ஆர்டர் எண்ணும் வரி எண்ணும் பிரிவு எண்ணும் சேர்ந்ததுதான், ஐட்டம் கோடு அல்ல. அன்றைய தாளில் அன்று வர வேண்டிய பிரிவு மட்டும் அச்சாகும்.

கேபிள் டையின் மீதி 8 பாக்கெட்டும் அப்படித்தான். வரி 20-க்கு நேராக 12, அதற்குக் கீழே தனி வரியாக 8, தேதி காலி, நிலை "பாக்கி". தேதி வரும்வரை அது எந்தத் தாளிலும் வராது. ஆனால் இங்கே ஒரு கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. அந்த எட்டு பிறகு வருமா, அல்லது ரத்தா? மெயிலில் வெறுமனே 20-ஐ அடித்து 12 போட்டிருந்தால் இரண்டுக்கும் இடமுண்டு. மெயிலின் அடிக்குறிப்பில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கேட்டுவிட வேண்டும். ரத்து என்றால் நம் ஆர்டரில் அந்த எட்டை மூட வேண்டும். மூடாவிட்டால் வாங்கும் பிரிவு அது வந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்து மறு ஆர்டர் போடாது.

திருத்திய கன்ஃபர்மேஷன் வந்தால் பழைய வரிகளின் மேல் எழுத மாட்டேன். புதிதாக முழு மெயிலையும் எடுத்து, திருத்த எண்ணோடு கீழே சேர்த்து, பழையதை "நீங்கியது" என்று குறித்துவிடுவேன். ஏற்கெனவே எண்ணி முடித்த வரியைத் திருத்தம் தொடக்கூடாது, அவ்வளவுதான் விதி.

அச்சுத் தாளில் எதிர்பார்க்கும் அளவைக் காட்டலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. காட்டினால் எண்ணுகிறவர் எண்ணாமலே டிக் போடும் ஆபத்து உண்டு. லாரி காத்திருக்கும்போது, மழை தூறும்போது, 30 என்று அச்சாகியிருக்கும் இடத்தில் 29 எழுத மனம் வராது. காட்டாவிட்டால் வித்தியாசம் வந்ததும் மறுபடி எண்ணச் சொல்ல வேண்டியிருக்கும், நேரம் போகும். நாங்கள் நடுவழி வைத்திருக்கிறோம். தாளின் தலைப்பில் மொத்தம் எத்தனை கார்ட்டன், எத்தனை பை என்று இருக்கும், டிரைவரின் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட அது போதும். வரி வாரியான இடத்தில் கோடு, விவரம், பேக் அளவு, எண்ணும் அலகு மட்டும். எண்ணிக்கைக் கட்டம் காலி. பேக் அளவை மட்டும் ஒளிக்காமல் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. தாளில் 100/BX என்று இருந்து பாக்ஸின் மேல் 50 என்று அச்சாகியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய கடைசி ஆள் அவர்தான். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் "பேக் அளவு பார்த்தேன்" என்று ஒரு சின்னப் பெட்டி வைத்தோம். முதலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டார்கள். டிக்குக்குப் பதிலாகப் பாக்ஸின் மேல் உள்ள எண்ணை எழுதச் சொன்ன பிறகுதான் உண்மையில் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எண்ணி வந்த தாள் திரும்பியதும் அந்த எண்களை வேலை ஷீட்டில் நம் அலகிலேயே ஏற்றுவோம். வித்தியாசம் இருக்கும் வரிகளுக்கு மட்டும் மூல மெயிலைத் திறப்போம். அதற்காகவே ஒவ்வொரு வரியின் கடைசிப் பத்தியில் மெயில் வந்த தேதியும் திருத்த எண்ணும் இருக்கின்றன. கேபிள் டை 12 வந்து 12 எண்ணப்பட்டால் அந்த வரி மூடப்படும், பாக்கி 8 தன் தேதிக்காகக் காத்திருக்கும்.